திரைக்கலைஞர் இறந்துவிட்டதாக வரும் தகவல்: பகிரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஓசூரிலிருந்து அரூர் வரை பல வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு திரைக்கலைஞர் இறந்துவிட்டதாகத் தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் படம், கீழே மெழுகுவத்தி, 'தோற்றம்' 'மறைவு' என்று இரண்டு தேதிகள், 'கண்ணீர் அஞ்சலி' என்ற பெரிய எழுத்து. உண்மையா என்று கேட்டுச் சிலர் அனுப்புகிறார்கள். கேட்காமலே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுபவர்கள் அதைவிட அதிகம். இதை எழுதும் நேரம் வரை குடும்பத்தாரோ மருத்துவமனையோ அப்படி எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கலைஞரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருவர் பெயரையும் மரணம் என்ற சொல்லையும் ஒரே வரியில் வைத்தால், அது மறுப்புச் செய்தியாக இருந்தாலும் அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் அந்த இரண்டு சொற்கள் மட்டுமே படும். அவர் பெயரைத் தட்டித் தேடும் அடுத்தவருக்கும் அதுவே வந்து நிற்கும். அதனால் ஏற்கெனவே நடந்து முடிந்து, உண்மை வெளிவந்துவிட்ட சம்பவங்களை வைத்தே இதை விளக்குகிறேன்.

## மூன்று மொழியில் வந்தால் மூன்று செய்தி ஆகாது

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அதிலும் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம், ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுவார்கள். ஒருவர் கைப்பேசியில் சொந்தக்காரர்களின் தெலுங்குக் குழு, வேலை செய்யும் இடத்தின் கன்னடக் குழு, பள்ளி நண்பர்களின் தமிழ்க் குழு என மூன்றும் இருப்பது சாதாரணம். பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் கன்னடத் திரையுலகச் செய்திகள் சென்னைக்குப் போவதற்கு முன்பே இங்கே வந்துவிடுகின்றன.

நம் ஊரில் வதந்தி ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். காலையில் கன்னடக் குழுவில் ஒரு வரி வருகிறது. ஒரு மணி நேரத்தில் அதே தகவல் தெலுங்கில் வருகிறது. பிறகு தமிழில், படத்தோடு. "மூணு பக்கமும் போட்டிருக்காங்க, பொய்யா இருக்குமா?" என்று தோன்றுவது இயல்பே. ஆனால் கன்னட வரியைப் பார்த்து ஒருவர் தெலுங்கில் எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் தமிழில் எழுதினார். மூவரில் ஒருவர்கூட யாருக்கும் போன் போட்டுக் கேட்கவில்லை. கிருஷ்ணகிரி அணையின் இடது கால்வாயில் வந்தாலும் வலது கால்வாயில் வந்தாலும் அது அதே அணைத் தண்ணீர்தான். எத்தனை குழுவில் வந்தது என்ற கணக்கு இங்கே உதவாது. முதலில் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பார்க்க வேண்டும்.

அஞ்சலிப் படமும் இப்படித்தான் நம்ப வைக்கிறது. பிறந்த தேதி சரியாக இருக்கும், படம் தெளிவாக இருக்கும். பிளெக்ஸ் கடைகளில் இறப்பு பேனருக்கென்று தயாராக வைத்திருக்கும் மாதிரியில் படத்தையும் தேதியையும் மாற்றச் சில நிமிடங்கள் போதும். கைப்பேசிச் செயலியிலும் அதைச் செய்துவிடலாம். பிறந்த தேதி விக்கிப்பீடியாவில் கிடைக்கிறது. ஆக, அந்தப் படத்தில் சரிபார்த்து எழுதியதுபோல் தெரியும் பகுதிக்கும் மரணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்புள்ளது ஒன்றே ஒன்று, 'மறைவு' என்பதற்கு எதிரே உள்ள தேதி. அதை யார் சொன்னார்கள் என்பது மட்டும் படத்தில் இருக்காது.

## 2023 செப்டம்பர் 6: ஒரு வதந்தி நடந்த வழி

தமிழ் ரசிகர்கள் 'குத்து' ரம்யா என்று அழைக்கும் கன்னட நடிகை, மண்டியாவின் முன்னாள் மக்களவை உறுப்பினர் திவ்யா ஸ்பந்தனா, மாரடைப்பால் இறந்துவிட்டார் என்று அன்று செய்தி பரவியது. அவர் நலமாக இருந்தார். அது எப்படி அவ்வளவு வேகமாக நம்பப்பட்டது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், இப்போது சுற்றும் தகவலையும் எடைபோட முடியும்.

1. நம்புவதற்கான மண் ஏற்கெனவே பதமாக இருந்தது. 2021 அக்டோபர் 29 அன்று புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு சிரஞ்சீவி சர்ஜா இறந்தார். இரண்டும் உண்மைச் செய்திகள். கேட்டபோது இரண்டும் நம்ப முடியாதவையாக இருந்தன. ஆகவே கன்னடத் திரையுலகில் இன்னொரு இளவயது மாரடைப்பு என்றதும் மனம் எதிர்த்துக் கேள்வி கேட்கவில்லை.

2. ஒரு மாதத்துக்கு முன், 2023 ஆகஸ்டில், கன்னட நடிகர் விஜய் ராகவேந்திராவின் மனைவி பாங்காக்கில் இறந்திருந்தார். மாரடைப்பு என்றே செய்தி வந்தது. அவர் பெயரும் ஸ்பந்தனா. அந்தப் பெயர்க் குழப்பமே இந்த வதந்திக்கு வழி வைத்திருக்கக்கூடும்.

3. எக்ஸ் தளத்தில் சினிமாச் செய்தி போடும் சில கணக்குகள் இரங்கல் பதிவு போட்டன. அவற்றைப் பார்த்துச் சில இணையச் செய்தித் தளங்களும் எழுதின. செய்தித் தளத்தில் வந்ததும் மற்றவர்களுக்குக் காட்ட ஒரு இணைப்பு கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு பகிர்ந்தவர்கள், தாங்கள் வதந்தியைப் பகிர்வதாக நினைக்கவே இல்லை.

4. பத்திரிகையாளர்கள் அவருக்கு போன் போட்டார்கள். அவர் எடுக்கவில்லை. அப்போது அவர் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் இருந்தார். செப்டம்பரில் அங்கே நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்தங்கியிருக்கும். தூங்கிக்கொண்டிருந்தவர் போனை எடுக்காததே, பதறிக்கொண்டிருந்தவர்களுக்குச் சந்தேகத்தை வலுவாக்கியது.

5. ஜெனீவாவில் அவரைச் சந்தித்திருந்த பத்திரிகையாளர் சித்ரா சுப்ரமணியம், அவரோடு பேசிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்தார், நன்றாக இருக்கிறார் என்று எழுதினார். 'தி நியூஸ் மினிட்' செய்தித் தளத்தின் ஆசிரியர் தன்யா ராஜேந்திரனும் தானே பேசியதாகப் பதிவிட்டார். அத்தோடு வதந்தி அடங்கத் தொடங்கியது.

மூன்றாவது படியையும் ஐந்தாவது படியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றில் எழுதியவர்கள் பலர். ஐந்தில் எழுதியவர்கள் இரண்டே பேர். ஆனால் அந்த இருவரும், 'நான் அவரோடு பேசினேன்' என்று தங்களுக்குத் தெரிந்த வழியையும் சேர்த்தே எழுதினார்கள். பலர் எழுதியதில் அந்த ஒரு வாக்கியம் இல்லை. எந்த மருத்துவமனை, எந்த ஊர், யார் உறுதி செய்தார்கள் என்பதும் இல்லை. மண்டியாவின் முன்னாள் மக்களவை உறுப்பினர் ஒருவர் ஐரோப்பாவில் இருந்தபோது இந்த ஊர்க் கைப்பேசிகளில் இறந்துபோனதற்கு, அந்த விடுபட்ட வாக்கியத்தை யாரும் தேடாததே காரணம்.

தமிழில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. ரம்யா என்ற பெயரில் நமக்குத் தெரிந்த நடிகைகள் பலர். 'நடிகை ரம்யா மாரடைப்பால் மரணம்' என்று மட்டும் ஒரு வரி வந்தால், படிப்பவர் தன் மனதில் இருக்கும் ரம்யாவை எடுத்துக்கொள்வார். பொதுப்பெயர் கொண்ட கலைஞரைப் பற்றிய தகவலில் முழுப்பெயரோ அடையாளமோ இல்லையென்றால், அந்தக் காரணம் ஒன்றே போதும், நிறுத்தி வைக்க.

## உண்மையாக இருந்தால் எப்படி வரும்?

ஒரு மரணம் மருத்துவமனையில் நடந்தால், அதை நேரடியாக அறிந்தவர்கள் சிலர்தான்: சிகிச்சை தந்த மருத்துவர்கள், உடன் இருந்த குடும்பத்தார், அவர்கள் பேசச் சொன்ன ஒருவர். உறுதியான செய்தி இவர்களில் ஒருவரிடம் போய் முடிய வேண்டும்.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் விஷயத்தில் இது தெளிவாக நடந்தது. அவர் 2020 ஆகஸ்ட் 5 அன்று கொரோனா தொற்றோடு சென்னை எம்ஜிஎம் ஹெல்த்கேர் மருத்துவமனையில் சேர்ந்தார். ஏழு வாரம் வதந்திகளுக்குக் குறைவே இல்லை. அந்த ஏழு வாரமும் மருத்துவமனை அறிக்கை விட்டுக்கொண்டிருந்தது, மகன் எஸ்.பி. சரண் வீடியோவில் வந்து நிலைமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 24 மாலை, நிலைமை மிகவும் கவலைக்கிடம் என்று மருத்துவமனை அறிவித்தது. 25 அன்று பகல் 1.04 மணிக்கு அவர் உயிர் பிரிந்தது என்ற செய்தி, மருத்துவமனையிலிருந்தும் மகன் வாயிலிருந்தும் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 1.04. உண்மையான மரணச் செய்தியில் இப்படி நேரம் இருக்கும், இடம் இருக்கும், சொன்னவர் பெயர் இருக்கும். அதோடு நிற்காது. அடுத்த ஒரு மணி நேரத்தில் உடல் எங்கே வைக்கப்படுகிறது, எப்போது அஞ்சலி செலுத்தலாம், எங்கே இறுதிச் சடங்கு என்று விவரம் வளர்ந்துகொண்டே போகும். பொய்த் தகவல் வளராது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே படம், அதே வரி, 'சற்றுமுன்' என்ற அதே சொல்லோடு நிற்கும். முதல் அரை மணி நேரத்தில் எதுவும் பிடிபடவில்லை என்றால், காத்திருந்து இந்த வளர்ச்சி வருகிறதா என்று பார்ப்பதுதான் சாதாரண வாசகர் கையில் இருக்கும் நல்ல சோதனை.

## நம்பகமான இடங்கள் சறுக்கும்போது

'நம்பகமான இடத்தில் பாருங்கள்' என்று சொல்வதோடு விட்டுவிட முடியாது. அந்த இடங்களும் தவறியிருக்கின்றன. எப்படித் தவறின என்று தெரிந்தால்தான் எதை எவ்வளவு நம்புவது என்று புரியும்.

தொலைக்காட்சி. 2016 டிசம்பர் 5 மாலை, முதலமைச்சர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தமிழ்ச் சேனல்கள் அறிவித்தன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கியது. அப்பல்லோ மருத்துவமனை, அவர் உயிர்காக்கும் கருவிகளின் துணையோடு சிகிச்சையில் இருக்கிறார் என்று மறுத்தது. கொடி மறுபடி மேலே ஏறியது. இரவு 11.30 மணிக்கு இறந்தார் என்ற முறையான அறிவிப்பு நள்ளிரவு தாண்டி வந்தது. மாலையில் சொன்ன சேனல்கள் மருத்துவமனை வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டன. திரையில் ஓடும் வரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதில் 'மருத்துவமனை அறிவிப்பு' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தமிழ்நாட்டில் இல்லை.

கூட வேலை செய்தவர்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று ஜிம்பாப்வே கிரிக்கெட் வீரர் ஹீத் ஸ்ட்ரீக் இறந்துவிட்டதாக, அவரோடு ஒரே அணியில் ஆடிய ஹென்றி ஒலாங்கா பதிவிட்டார். ஒலாங்காவே சொல்கிறார் என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. சில மணி நேரத்தில் ஸ்ட்ரீக்கிடமிருந்தே அவருக்குச் செய்தி வந்தது. உயிரோடு இருக்கிறார் என்று திருத்தினார். ஒலாங்கா பொய் சொல்பவர் அல்ல. அவரும் வேறொருவர் சொல்லிக் கேட்டவரே. நெருங்கியவர் என்பது வேறு, பக்கத்தில் இருந்தவர் என்பது வேறு.

பெரிய மனிதர்களின் இரங்கல். 2025 நவம்பர் 11 காலை, மும்பையில் சிகிச்சையில் இருந்த இந்தி நடிகர் தர்மேந்திரா இறந்துவிட்டதாகச் செய்தி நிறுவனங்கள் சில வெளியிட்டன. முக்கியப் புள்ளிகள் சிலரும் இரங்கல் தெரிவித்துவிட்டுப் பிறகு நீக்கினார்கள். மகள் ஈஷா தியோலும் மனைவி ஹேமமாலினியும் மறுத்தார்கள். மறுநாள் அவர் வீடு திரும்பினார். நவம்பர் 24 அன்றுதான் இறந்தார். அமைச்சரோ இயக்குநரோ போடும் இரங்கல், செய்தியைப் பார்த்தபின் போடுவது. அது மரணத்துக்குச் சான்று ஆகாது. 'அப்புறம் உண்மையாகவே இறந்துவிட்டாரே' என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். தன் அப்பா உயிரோடு இருக்கும்போதே இறந்துவிட்டார் என்று படித்த மகளிடம் அந்தச் சமாதானம் செல்லாது.

சொந்தக் கணக்கு. 2024 பிப்ரவரி 2 அன்று நடிகை பூனம் பாண்டே கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்ததாக அவருடைய இன்ஸ்டாகிராம் கணக்கிலேயே வந்தது. மறுநாள் அவரே வீடியோவில் வந்து, அந்த நோய்க்கு விழிப்புணர்வு ஏற்படுத்தச் செய்ததாகச் சொன்னார். அன்று பத்திரிகைகள் சொந்தக் கணக்கை நம்பியதைக் குறை சொல்வது கடினம். ஆனால் அந்தப் பதிவைத் தாண்டி எந்த மருத்துவமனை, உடல் எங்கே என்ற விவரம் எதுவும் அந்த நாள் முழுவதும் வெளிவரவில்லை. முன்னே சொன்ன வளர்ச்சி நடக்கவில்லை.

மருத்துவமனை தாமதிப்பதைச் சிலர், "மறைக்கிறாங்க" என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாமதத்துக்குச் சில நேரம் சட்டமே காரணம். கன்னட நடிகர் சஞ்சாரி விஜய் 2021 ஜூனில் பெங்களூருவில் பைக் விபத்தில் சிக்கினார். மூளை செயலிழந்த நிலையில் இருந்த 14ஆம் தேதியே இரங்கல்கள் குவிந்தன. மறுநாள் அதிகாலையில்தான் மரணம் அறிவிக்கப்பட்டது. அவர் உறுப்புகளைக் குடும்பத்தார் தானமாகக் கொடுத்தார்கள். உறுப்பு தானத்துக்காக மூளைச்சாவை உறுதி செய்ய 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு இரண்டு முறை சோதிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில்தான் நம் குழுக்களில் அஞ்சலிப் படங்கள் தயாராகிவிடுகின்றன.

## இப்போது கையில் உள்ள தகவலை என்ன செய்வது?

தேடும்போது பெயரை மட்டும் தட்டுங்கள். 'மரணம்' என்று சேர்த்துத் தட்டினால், அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தவர்கள்தான் முதலில் வருவார்கள். யூடியூபில் 'மரணமா?' என்று கேள்விக்குறி போட்டுப் பார்வை சேர்ப்பவர்களும் அதில் அடக்கம். செய்திப் பகுதிக்குப் போய், புதியவை முதலில் வரும்படி வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று செய்திகளைத் திறந்து, உறுதி செய்தவர் யார் என்ற வரியை மட்டும் தேடுங்கள். எல்லாமே 'சமூக வலைத்தளத்தில் பரவும் தகவல்' என்று சொன்னால், நீங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கிறீர்கள். விக்கிப்பீடியாவில் இறந்த தேதி மாறியிருந்தாலும் அவசரப்பட வேண்டாம். அதை யாரும் திருத்தலாம். தேதிக்குப் பக்கத்தில் மேற்கோள் எண் இருக்கிறதா, அது எங்கே போகிறது என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் தகவலுக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், உங்களிடம் வருவதற்குள் அது ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறிவிட்டது என்று அர்த்தம். அனுப்பியவரை நீங்கள் எவ்வளவு நம்பினாலும், முதலில் எழுதியவர் அவர் அல்ல. அப்படிப்பட்ட தகவலை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கோ ஒருவருக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும். அம்புக்குறி இல்லை என்பதால் புதிய செய்தி என்றும் ஆகாது. படத்தைச் சேமித்து மறுபடி ஏற்றினாலோ, எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலோ அந்தக் குறி போய்விடும்.

குழுவில் பதில் சொல்லும்போது அனுப்பியவரைத் தலைகுனிய வைக்க வேண்டாம். அவர் பெரும்பாலும் அந்தக் கலைஞர்மேல் உள்ள பிரியத்தில்தான் அனுப்பியிருப்பார். கேள்வியாகக் கேட்டால் மற்றவர்களும் நிற்பார்கள்:

"அண்ணா, இது யார் சொன்னதுன்னு போடலையே. எந்த ஆஸ்பத்திரின்னும் இல்ல. வீட்டுக்காரங்க யாரும் இன்னும் பேசல, நான் தேடிப் பாத்தேன். உறுதியானா இங்கயே போடறேன். அதுவரைக்கும் வேற குரூப்புக்குப் போட வேணாம்ணா."

இந்தப் பதிலோடு அஞ்சலிப் படத்தைத் திரும்பப் போடக் கூடாது. 'பொய்' என்று மேலே எழுதிப் போட்டாலும், அதை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள், அந்தத் தகவலை அழுத்திப் பிடித்து 'எல்லோருக்கும் நீக்கு' என்பதைத் தேர்வு செய்யலாம். அனுப்பி இரண்டு நாள் பன்னிரண்டு மணி நேரம் வரை அதற்கு வாய்ப்பு உண்டு. குழு நிர்வாகியிடம் சொன்னால் அவரும் தன் குழுவில் அதை நீக்க முடியும். ஆனால் நீக்குவது உங்கள் குழுவில் உள்ள பிரதியை மட்டும்தான். அங்கிருந்து மற்றவர்கள் எடுத்து அனுப்பியவை அப்படியே இருக்கும். அதனால் சத்தமில்லாமல் நீக்கிவிட்டுப் போவதைவிட, நீக்கிய இடத்திலேயே "காலையில போட்டது உறுதியாகாத தகவல், யாராவது அனுப்பியிருந்தா அங்கயும் சொல்லிடுங்க" என்று ஒரு வரி எழுதினால், உங்கள் கைக்கு எட்டாத குழுக்களுக்கும் திருத்தம் போய்ச் சேர வழி கிடைக்கும்.